தாராபுரம் எந்தப் பட்டையில்?

ஈரோடு மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 25,81,500. 2011 கணக்கெடுப்பில் 22,51,744. இரண்டையும் அருகருகே பட்டைகளாக வரைந்தால், பத்தாண்டில் மூன்றே கால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் குறைந்துபோனதாகத் தெரியும். எத்தனை சதவீதம் என்று கேட்டால் 12.8 என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஈரோட்டில் மக்கள் குறையவே இல்லை. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரமும் காங்கேயமும் பெருந்துறைத் தாலுகாவின் ஒரு பகுதியும் ஈரோட்டிலிருந்து பிரிந்து புது மாவட்டத்தோடு சேர்ந்தன. முதல் பட்டையில் தாராபுரம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1979 வரை தாராபுரம் கோவை மாவட்டம். பிறகு முப்பது ஆண்டுகள் ஈரோட்டில். இப்போது திருப்பூரில். அமராவதிக் கரையை விட்டு ஒரு அடி நகராமலே மூன்று மாவட்டங்களின் பட்டைகளில் ஏறி இறங்கியிருக்கிறது. பல ஆண்டுத் தரவுகளை வட்ட விளக்கப்படமாகவும் பட்டை விளக்கப்படமாகவும் கொடுத்து, சதவீதமும் விகிதமும் கேட்கும் கணக்குகளில் நடக்கும் தவறுகளை எல்லாம் இந்த ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பேசிவிடலாம்.

இத்தகைய கணக்குகள் எங்கே வருகின்றன என்பது தெரிந்ததே. சில டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளின் பாடத்திட்டத்தில் அட்டவணை, வரைபடம், தரவு பகுப்பாய்வு ஆகியவை வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளன. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவுப் பகுதிக்கு. வங்கித் தேர்வுகளில் இன்னும் அதிகம், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண்ணும் போகும். படிப்பவர்களின் கைக்கு இந்தப் படங்கள் பெரும்பாலும் அச்சாக வருவதில்லை. கரும்பலகையிலிருந்தும் ஜெராக்ஸ் தாளிலிருந்தும் நாளிதழின் மடிப்பிலிருந்தும் கைப்பேசியில் எடுத்த புகைப்படமாகத்தான் வருகின்றன. பனியன் கம்பெனி அலுவலகங்களிலும் இதே நிலைதான்: கூட்டத்தில் திரையில் ஓடிய படத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருவர் எடுத்து அனுப்ப, மற்றவர்கள் அதைப் பார்த்து எண் படிப்பார்கள்.

அதனால் கணக்குக்கு முன்னால் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். எண் அச்சிடப்படாத படத்தை மட்டுமே புகைப்படத்தின் சாய்வு பாதிக்கும் என்றாலும், பாதிப்பு நினைப்பதைவிடப் பெரிது.

கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்றின் 2011 மக்கள்தொகையை ஒரு வட்டமாக வரைவோம். கோவை 34,58,045. ஈரோடு 22,51,744. திருப்பூர் 24,79,052. கூட்டினால் 81,88,841. இதில் கோவையின் பங்கு 42.23 சதவீதம், ஈரோடு 27.50, திருப்பூர் 30.27. ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை என்பதால் மையக்கோணங்கள் முறையே 152, 99, 109 பாகை. உச்சியில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று வரைந்து முடித்தாயிற்று.

இந்தத் தாளை நேர் எதிரில் வைக்காமல் சுமார் 37 பாகை சாய்வில் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் கிடக்கும் தாளை உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்தால் இந்தச் சாய்வு சாதாரணமாகவே வரும். வட்டம் நசுங்கி, அகலம் 5 என்றால் உயரம் 4 என்ற நீள்வட்டமாகும். அதன்மேல் பாகைமானி வைத்து அளந்தால் கோவைக்கு 146.4 பாகையும், ஈரோட்டுக்கு 108.2 பாகையும், திருப்பூருக்கு 105.4 பாகையும் கிடைக்கும். சதவீதமாக 40.7, 30.1, 29.3. கோணங்களின் மொத்தம் ஒழுங்காக 360 வருகிறது, சந்தேகமே எழாது. ஆனால் திருப்பூரைவிட ஈரோடு பெரிது என்று வரிசையே புரண்டுவிட்டது. காரணம் எளிது. மேலும் கீழுமாக நசுங்கும்போது இடம், வலம் நோக்கிய கோடுகளுக்கு அருகிலுள்ள கோணங்கள் குறுகும், மேல், கீழ் நோக்கிய கோடுகளை ஒட்டியவை விரியும். அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈரோடு விரிந்தது. இடப்பக்கத் திருப்பூர் குறுகியது.

கண்டுபிடிப்பதும் கடினமில்லை. வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பாகைமானியை எடுக்கக்கூடாது. சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, பிரிவுக் கோடுகள் விளிம்பைத் தொடும் புள்ளிகளைக் குறித்து, மையத்திலிருந்து அவற்றின் செங்குத்துத் தூரத்தை மட்டும் 5/4 மடங்காக நீட்டி, புதிதாக வரைந்து, பிறகு கோணம் அளப்பது. இன்னொன்று, கோணத்தை மறந்துவிட்டுப் பரப்பை எடுப்பது. வட்டம் சீராக நசுங்கும்போது எல்லாத் துண்டுகளின் பரப்பும் ஒரே அளவில் குறைவதால், பரப்புகளின் விகிதம் மாறாது. வரைபடத் தாளை மேலே வைத்துக் கட்டங்களை எண்ணினால் 30.27-க்கு வெகு அருகில் வந்துவிடலாம். ஆனால் கைப்பேசியைத் தாளுக்கு மிக அருகில் வைத்து எடுத்திருந்தால் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் விழும். அப்போது பரப்பும் கைவிடும். தூரத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே மேல்.

கணினியில் தடித்த அப்பம்போல் முப்பரிமாணத்தில் வரையும் வட்டப்படங்கள் இந்தக் கோளாறோடு பிறந்தவை. அவற்றைச் சாய்த்து எடுக்கவே வேண்டாம், ஏற்கெனவே சாய்ந்துதான் இருக்கின்றன. அலுவலகங்களில் அவை இன்னும் ஏன் புழங்குகின்றன என்பது எனக்கு விளங்காத ஒன்று.

பட்டைப்படம் இந்த வகையில் கொஞ்சம் தேவலை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-இல் பட்டைப் படத்தையும் 1801-இல் வட்டப் படத்தையும் அச்சிட்டார். இரண்டையும் கண் எப்படிப் படிக்கிறது என்று 1984-இல் கிளீவ்லாந்தும் மெக்கில்லும் சோதித்துச் சொன்னார்கள்: ஒரே அளவுகோலின்மேல் இருக்கும் நீளங்களைக் கண் நன்றாக ஒப்பிடும், கோணங்களில் அதிகம் தடுமாறும். ஆனால் அந்த அளவுகோலே படத்தில் சாயும்போது என்ன ஆகும்?

பட்டைப்படத்தை இடப்பக்கம் நின்று எடுத்தால் வலப்பக்கப் பட்டைகள் தூரத்தில் இருப்பதால் குட்டையாக விழும். எண்கள் பொறித்த அச்சோ இடப்பக்கத்தில் இருக்கிறது. சட்டத்தின் அடி 0, உச்சி 30 லட்சம் என்று கொள்வோம். புகைப்படத்தில் இடது ஓரத்தில் சட்டத்தின் உயரம் 50 மில்லிமீட்டர். வலக்கோடியில் திருப்பூர் பட்டை நிற்கும் இடத்தில் அதே சட்டம் 42 மில்லிமீட்டர்தான். பட்டையின் உயரம் 34.7 மில்லிமீட்டர். இடது அச்சை நம்பிக் கணக்கிட்டால் 34.7-ஐ 50-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்க 20.8 லட்சம் வரும். பட்டை நிற்கும் இடத்திலேயே சட்டத்தை அளந்து 42-ஆல் வகுத்தால் 24.8 லட்சம். உண்மை இரண்டாவது. முதலாவதில் 16 சதவீதப் பிழை. பக்கவாட்டில் மட்டும் சாய்ந்த படத்தில் ஒரு செங்குத்துக் கோட்டின்மேல் உள்ள விகிதம் கெடாது என்பதால் இது பலிக்கிறது. மேலும் கீழும் சாய்ந்திருந்தால் நிலைமை தலைகீழ்: மேலே போகப் போக ஒரு லட்சத்துக்கான இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், கிடைக்கோடுகள் மட்டும் கிடையாகவே நிற்கும். அப்போது அளவுகோலை விட்டுவிட்டு, பட்டையின் தலையிலிருந்து கிடையாகக் கோடிழுத்து அச்சின் எண்ணைப் படிக்க வேண்டும். படத்திலேயே கட்டக்கோடுகள் அச்சாகியிருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. படம் எப்படிச் சாய்ந்தாலும் கோடும் கூடவே சாயும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்பது வேறு விஷயம், ஆனால் புகைப்படத்தில் அடிக்கடி வெட்டுப்படுவது அந்த அடிப்பகுதிதான். ஈரோட்டின் 25.8, 22.5 லட்சங்களை 20 லட்சத்தில் தொடங்கும் அச்சில் வரைந்தால் பட்டைகளின் உயரம் 5.8-க்கு 2.5 என்று நிற்கும். பாதிக்குக் கீழே போய்விட்டதுபோல் கண் சொல்லும். அப்படிப்பட்ட படத்தில் பட்டை உயரங்களின் விகிதத்துக்குப் பொருளே இல்லை. இரண்டு எண்களையும் முழுதாகப் படித்த பிறகே வகுக்க வேண்டும்.

வெட்டுப்படும் இன்னொன்று படத்துக்கு அடியில் இருக்கும் பொடி எழுத்துக் குறிப்பு. நமது கதையில் எல்லாமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது: 2001-க்கான எண் எந்த எல்லைப்படி?

மாவட்ட எல்லை மாறும்போது கணக்கெடுப்புத் துறை பழைய ஆண்டின் எண்களைப் புதிய எல்லைக்குள் மறுபடி அடுக்கித் தருகிறது. அப்படி அடுக்கிய 2001 எண்கள்: கோவை 29,16,620, ஈரோடு 20,16,582, திருப்பூர் 19,20,154. பழைய எல்லைப்படி அதே ஆண்டில் கோவை 42,71,856, ஈரோடு 25,81,500. ஈரோட்டிலிருந்து கழிந்தது 5,64,918. கோவையிலிருந்து கழிந்தது 13,55,236. இரண்டையும் கூட்டினால் 19,20,154, அதாவது கடைசி இலக்கம் வரை அப்படியே திருப்பூர். எந்தத் தரவிலும் எல்லை மாறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் செய்யவேண்டிய சோதனை இதுதான். துண்டுகள் எப்படி மாறினாலும் மொத்தம் மாறக்கூடாது. இங்கே 2001-இன் மொத்தம் இரண்டு வழியிலும் 68,53,356.

இப்போது சதவீதம் போடலாம். ஈரோடு 20,16,582-இலிருந்து 22,51,744. வளர்ச்சி 11.66 சதவீதம். முதலில் வந்த 12.8 சதவீதக் குறைவு எங்கே, இது எங்கே! கோவை 18.56 சதவீதம், திருப்பூர் 29.11 சதவீதம். தேர்வறையில் திருப்பூருக்கு நீள் வகுத்தல் தேவையில்லை. 19.2-இன் பத்து சதவீதம் 1.92, மும்மடங்கு 5.76, கூட்டினால் 24.96. நம்மிடம் இருப்பது 24.79. ஆகவே 30-க்குச் சற்றுக் குறைவு. விடைகள் 26, 29, 32 என்று தள்ளி நின்றால் இதுவே போதும்.

2001-க்கும் ஒரு வட்டம் வரைந்து 2011 வட்டத்தின் பக்கத்தில் வைத்தால்தான் வேடிக்கை. 2001-இல் கோவை 42.56 சதவீதம், ஈரோடு 29.42, திருப்பூர் 28.02. பத்தாண்டு கழித்துக் கோவையின் துண்டும் ஈரோட்டின் துண்டும் இளைத்திருக்கின்றன. கோவையில் கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் துண்டு இளைத்திருக்கிறது. மூன்று மாவட்டங்களின் மொத்தம் 19.49 சதவீதம் வளர, கோவை அதைவிடக் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தது, அவ்வளவே. இரண்டு வட்டங்களையும் ஒரே அளவில் வரைந்துவிட்டால் மொத்தம் பெரிதானது கண்ணுக்குத் தெரியாமல் போகும். எனவே வட்டங்களை மட்டும் கொடுத்து, மொத்தம் சொல்லாமல், எந்த மாவட்டத்தில் மக்கள் குறைந்தார்கள் என்று வினா வந்தால் சரியான விடை “தரவு போதாது” என்பதுதான்.

மொத்தம் தெரிந்தால் வழி இருக்கிறது. பங்கு எத்தனை மடங்கானது என்பதை மொத்தம் எத்தனை மடங்கானது என்பதோடு பெருக்கினால் எண்ணிக்கை எத்தனை மடங்கானது என்று கிடைக்கும். ஈரோட்டின் பங்கு 29.42-இலிருந்து 27.50, தசமங்களைச் சுருக்காமல் வகுத்தால் 0.9345 மடங்கு. மொத்தம் 1.1949 மடங்கு. பெருக்கினால் 1.1166, அதே 11.66 சதவீதம். பட்டைப்படம் ஆண்டுவாரி மொத்தத்தையும் வட்டப்படம் பங்கையும் தரும் கலப்புக் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு பெருக்கலில் அடங்கும். அவற்றில் வழக்கமான சறுக்கல், ஒரு ஆண்டின் வட்டத்தை இன்னொரு ஆண்டின் பட்டையோடு இணைத்துவிடுவது. 2001 வட்டத்தின் 29.42 சதவீதத்தை 2011 மொத்தத்தின்மேல் போட்டால் ஈரோட்டுக்கு 24.1 லட்சம் வரும். உண்மையைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதல், ஏழு சதவீதப் பிழை.

திருப்பூரின் கூடுதலை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். பங்கு 28.02-இலிருந்து 30.27 ஆனது, இது 2.25 சதவீதப் புள்ளி உயர்வு. அந்தப் பங்கே பழைய பங்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடியது என்றால் 8 சதவீதம். மக்கள்தொகை எவ்வளவு கூடியது என்றால் 29.11 சதவீதம். மூன்றும் சரி, மூன்றுக்கும் அடிப்படை எண் வேறு. வினா எழுதுபவருக்கு இது நன்றாகவே தெரியும், மூன்றையும் விடைப் பட்டியலில் வைத்திருப்பார். நாளிதழ்ச் செய்திகளில் புள்ளியும் சதவீதமும் இடம் மாறி வருவது வேண்டுமென்று செய்வதல்ல, ஆனால் விளைவு ஒன்றுதான்.

விகிதத்தில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் இரண்டு பக்கமும் எழுதியே ஆகவேண்டும். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் உள்ள விகிதம் 2001-இல் 0.95-க்கு 1. 2011-இல் 1.10-க்கு 1. பின்தங்கி இருந்தது முந்திவிட்டது. ஒரே ஆண்டின் வட்டத்திலிருந்து மொத்தம் தெரியாமலே இதைச் சொல்லலாம், 30.27-ஐ 27.50-ஆல் வகுத்தால் போதும். வட்டப்படம் உண்மையிலேயே உதவும் இடம் இது ஒன்றுதான் என்பேன்.

பனியன் ஏற்றுமதிப் படங்களில் எல்லைக்குப் பதிலாக நாணயம் மாறுகிறது. டாலரின் ஆண்டுச் சராசரி மதிப்பு 2012-13-இல் ஏறத்தாழ 54 ரூபாய் 40 காசு, 2013-14-இல் ஏறத்தாழ 60 ரூபாய் 50 காசு. நூறு டாலர் சரக்கை இரண்டு ஆண்டும் அனுப்பிய ஒருவரின் ரூபாய்ப் பட்டை 5,440-இலிருந்து 6,050 ஆகும். ஒரு பனியன்கூடக் கூடுதலாகத் தைக்காமல் 11 சதவீத வளர்ச்சி. அந்த ஆண்டின் ரூபாய்ப் பட்டையைப் பார்ப்பவர் 1.112-ஆல் வகுத்த பிறகே வளர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த ஆண்டுகள் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிபவை. ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கணக்கோடு இவற்றை ஒரே அச்சில் நிறுத்தினால் மூன்று மாதம் இடம் மாறி விழும்.

கடைசியாக ஆண்டுகளின் இடைவெளி. திருப்பூரின் 29.11 சதவீதத்தைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 2.91 என்று எழுதுவது பரவலான பழக்கம். ஒவ்வோர் ஆண்டும் அடிப்படை எண் பெரிதாகிக்கொண்டே போவதால் 2.91 சதவீதம் பத்தாண்டு தொடர்ந்தால் 33 சதவீதத்தைத் தொட்டுவிடும். 29.11-ஐத் தருவது ஆண்டுக்கு 2.59 சதவீதம்தான். வட்டிக்கு வட்டி போடத் தெரிந்த ஊரில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அடுத்து வரும் படங்களில் 2001, 2011, 2027 என்று மூன்று பட்டைகள் நிற்கும். பெரும்பாலான படங்களில் சம இடைவெளியில்தான் நிற்கும். முதல் இடைவெளி 10 ஆண்டு, இரண்டாவது 16. திருப்பூர் மாவட்டம் பழைய வேகத்திலேயே, ஆண்டுக்கு 2.59 சதவீதமாகவே வளர்ந்திருந்தாலும் அந்த 16 ஆண்டின் வளர்ச்சி 50 சதவீதத்தைத் தாண்டும். 29-க்கு அடுத்து 50 என்று வந்தால் மக்கள்தொகை திடீரென்று பெருகிவிட்டது என்று தலைப்பு எழுத ஆள் இருக்கும். மாறாக 35 என்று வந்தால் அது கூடுதலாகத் தெரியும், ஆனால் ஆண்டுக் கணக்கில் 1.9 சதவீதம்தான், வேகம் குறைந்திருக்கிறது என்று பொருள். 35-ஐயும் 29-ஐயும் நேரடியாக ஒப்பிட்டு “வளர்ச்சி விகிதம் கூடியது” என்ற விடையைக் கட்டம் கட்டும் வினாத்தாள் ஒன்று தாராபுரம் மாணவர்களின் கைப்பேசிக்கும் வந்து சேரும். அப்போது அச்சின் அடியில் எழுதியிருக்கும் ஆண்டுகள் படத்தில் விழுந்திருக்க வேண்டும்.